ஓலைச்சுவடி படிக்கலாம் வாங்க: இலவச ஜூம் வகுப்பு

1
தாத்தா வைத்துவிட்டுப் போன சுவடிக் கட்டு பரணில் இருக்கிறதா? அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படிக்கலாம்.
ஜூலை 18, 2026, சனிக்கிழமை

2
தமிழ் தெரிந்தும் ஏன் தடுமாறுகிறோம்?
பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. ‘பல’ என்று கீறியிருந்தால் அது பலவா, பல்லா? முன்பின் சொற்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். அதனால் ‘கா’வும் ‘கர’வும் கண்ணுக்கு ஒன்றுதான். எகர, ஏகார வேறுபாடும் தெரியாது.
ஒரு மருத்துவச் சுவடியின் நான்கு வரிகளைத் திரையில் வைத்து, எழுத்தெழுத்தாகச் சேர்ந்து படிப்போம்.

3
நடத்துபவர்
22 ஆண்டுகளாகச் சுவடிகளைப் படியெடுத்துவரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கிராமம் கிராமமாகப் போய்ச் சுவடி தேடியவர். பொறுமையாகச் சொல்லித் தருவார். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம்.

4
உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு?
சென்னை, யாழ்ப்பாணம்: இரவு 7.00
சிங்கப்பூர், கோலாலம்பூர்: இரவு 9.30
சிட்னி: இரவு 11.30
துபாய்: மாலை 5.30
லண்டன்: பிற்பகல் 2.30
டொராண்டோ: காலை 9.30
மொத்தம் 90 நிமிடம்.

5
சேருவது எப்படி?
எங்கள் பக்கத்தின் முகப்பில் உள்ள லிங்கைத் தொட்டு, பெயரும் மின்னஞ்சலும் கொடுங்கள். ஜூம் லிங்க் முந்தின நாள் மின்னஞ்சலில் வரும். கட்டணம் இல்லை. போனிலும் பார்க்கலாம், ஆனால் எழுத்து சின்னது; லேப்டாப் இருந்தால் நல்லது.

6
அப்புறம் ஒன்று. வீட்டுச் சுவடியில் ஏடுகள் ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுத்துப் பிரிக்காதீர்கள், தண்ணீரும் படவேண்டாம். இருக்கிறபடியே படம் எடுத்து வைத்திருங்கள். வகுப்பில் பார்ப்போம்.