ஒரு மார்க்

ஐப்பசி மழை ஓய்ந்து மூன்று நாள் வெயில் அடித்ததும் வாத்தியார் பரணிலிருந்து ரேடியோவை இறக்கிவிட்டார். பழைய வால்வு ரேடியோ, நல்ல கனம். நாகர்கோவில் ஈரத்துக்கு மரப்பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். தூக்கிப் போடச் சொல்லி மகள் போனில் இரண்டு தடவை சொல்லியாயிற்று.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். முதலில் பெயிண்ட் பிரஷ். ஈரத்துணியை எடுத்த எடுப்பில் போட்டால் பூசணம் மரத்தில் அப்பிக்கொள்ளும். தூசி உதிர்ந்த பிறகு ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, ஒரே திசையில், கரும்பலகை அழிப்பது மாதிரி மேலிருந்து கீழாகத் துடைத்தார். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை, அந்த எண்கள் லேசாகத் தேய்த்தாலே வந்துவிடும். 25 மீட்டர், 41 மீட்டர். இலங்கை வானொலிக்காக முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிய இடமெல்லாம் அப்படியே இருந்தது.

பின்பக்க அட்டையைக் கழற்றினால் மண் குளவிக்கூடு ஒன்று. அப்புறம் வானொலி லைசென்ஸ் புத்தகம், வருஷா வருஷம் தபாலாபீசில் பணம் கட்டி ஒட்டி வந்த வில்லைகளோடு. ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலாக மடித்த ஒரு தாள். சத்தம் கூட்டினால் பெட்டி கடகடவென்று அதிரும் என்று அவரே செருகியதுதான்.

பிரித்துப் பார்த்தார். காலாண்டுத் தேர்வு, கணக்கு, 1983, ஒன்பதாம் வகுப்பு. பதிவெண் 27. மேலே சிவப்பு மையில் வட்டம் போட்டு 34.

பையன் யாரென்று ஞாபகம் வரவில்லை. ஆனால் 34 எடுத்தவனுக்கும் 4 எடுத்தவனுக்கும் ஒரே மாதிரி உள்ளங்கையில் இரண்டு அடி, அது அவர் வகுப்பில் எழுதாத சட்டம். பெயில் என்றால் பெயில்தானே, அதில் என்ன பெரிசு சின்னது என்பார்.

விரல் தானாக ஓரத்து மார்க்குகளின் மேல் இறங்கியது. எட்டும் ஆறும் பதினாலு. ஒன்பது, இருபத்துமூன்று. ஐந்து, இருபத்தெட்டு. ஏழு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை கீழிருந்து மேலாகக் கூட்டினார். அப்படிக் கூட்டினாலும் முப்பத்தைந்துதான் வந்தது.

"ஏங்க, பாடுதா?" அடுக்களையிலிருந்து குரல்.

"இன்னும் துடைச்சு முடியல."

சட்டைப்பையில் பேனா இருந்தது, நீலம். 34-ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் 35 என்று எழுதி, பழைய வழக்கப்படி சுருக்கொப்பம் போட்டார். தேதி போடும்போதுதான் கொஞ்ச நேரம் பேனா நின்றது.

தாளை லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்தார். ஸ்பீக்கர் இடுக்குக்கு வேறு ஏதாவது அட்டை கிடைக்குமா என்று உள்ளே போய்த் தேட ஆரம்பித்தார்.