உடைந்த பாலத்தில் ஒரு கூடை
(போகித் தீயருகே சொல்வதற்காகத் திருத்தி எழுதியது)

[விளக்குகளை அணைத்துவிடவும். கதை சொல்பவர் தீயைப் பார்த்தபடியே தொடங்க வேண்டும். பின்னால் இருப்பவரிடம் இரண்டு கொட்டாங்குச்சிகள், ஈரத்துணி, ஒரு வாளி.]

அடையாற்று முகத்துவாரத்தில், ஊரூர்க் குப்பத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் நடுவே நிற்கும் உடைந்த பாலத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1977-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுகரையைத் தொடாமலே அது இன்றும் நிற்கிறது.

ஒரு மார்கழி இரவில், குப்பத்து இளைஞன் ஒருவன் அங்கே தூண்டில் போடச் சென்றான். இருட்டில் தவறி விழுந்துவிடக் கூடாதென்று முதலில் விளிம்புவரை போய், அங்கிருந்து எண்ணிக்கொண்டே திரும்பி, சரியாக 40-ஆவது காலடியில் உட்கார்ந்தான்.

[ஈரத்துணியை வாளியில் மெல்லப் பிழியவும். சொட்டு... சொட்டு...]

(கிசுகிசுப்பாக) அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது.

திரும்பினான். ஓர் அம்மா நின்றிருந்தார். காலடியில் மீன் கூடை. சேலை முழுவதும் நனைந்திருந்தது. அன்று மழை இல்லை.

"தம்பி, கூடையைக் கொஞ்சம் தூக்கி விடுப்பா. அக்கரைக்குப் போகணும்."

தலைச்சுமைக்காரர் கேட்டால் மறுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கை கொடுத்தான். கூடை கனத்தது, அதிலிருந்து மீன் வாடை வரவில்லை, ஆற்றுச் சேற்றின் வாடைதான் வந்தது. ஏற்றிவிட்ட பிறகுதான், அவர் நடக்கத் தொடங்கிய திசையைக் கவனித்தான்.

"அம்மா! அந்தப் பக்கம் பாலம் இல்லை!"

[கொட்டாங்குச்சி: டக்... டக்... டக்... சீராக, அவசரமின்றி. கதை சொல்பவர் பேசாமல் பத்துத் தட்டுகள் காத்திருக்க வேண்டும். குழந்தைகள் தாமாகவே எண்ணத் தொடங்குவார்கள், அவர்களைத் தடுக்க வேண்டாம்.]

உருவம் இருளில் மறைந்தது. காலடி ஓசை மட்டும் கேட்டது. அவன் எண்ணினான்.

(கிசுகிசுப்பாக, ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண்) முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது...

[தட்டு நிற்கட்டும். மூன்று மூச்சு நேரம் முழு அமைதி.]

தண்ணீரில் விழும் ஓசைக்காக அவன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.

[டக்.]

(மூச்சுக் காற்றாக) நாற்பத்தொன்று.

[டக்... டக்... டக்... ஓசை தேய்ந்துகொண்டே போக வேண்டும்.]

பாலமே இல்லாத இடத்தில், அந்தக் கால்கள் அதே சீரான நடையில் அக்கரைவரை சென்று நின்றன. அவனால் எழ முடியவில்லை. அலை ஓசைகூட அடங்கிவிட்டதுபோல் இருந்தது.

[ஒரே ஒரு சொட்டு.]

(மிகத் தாழ்ந்த குரலில், அருகில் இருப்பவரின் காதோடு) "தம்பி... அங்கே இறக்கி விட ஆள் இல்லப்பா."

[வாளித் தண்ணீரைத் தீயில் ஊற்றவும்.]