பணியாளரைத் திரும்பப் பெறும் அறிவிப்பு – ஒப்பந்தப் பிரிவு 9.2

நாள்: 18 மார்ச் 2025, காலை 10.30
பெறுநர்: தொழிற்சாலை மேலாளர்
பொருள்: பிரஸ் பிரிவு, 4-ஆம் எண் பவர் பிரஸ் (63 டன்)

ஐயா,

4-ஆம் எண் பிரஸ்ஸில் வேலை செய்துவந்த எங்கள் ஆபரேட்டரை இன்று காலை 9.15 மணியிலிருந்து திரும்பப் பெற்றுவிட்டோம். கை துண்டாகும் அபாயம் கண்ணெதிரே இருப்பதால், முன்னறிவிப்பு இல்லாமல் திரும்பப் பெற்று 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்ற பிரிவு 9.2-இன்படி இதை அனுப்புகிறோம்.

எங்கள் பாதுகாப்பு அலுவலர் காலை 8.40-க்கு உங்கள் ஷிஃப்ட் சூப்பர்வைசர் முன்னிலையில் பார்த்தவை: இரு கை பட்டன்களில் இடப்பக்கத்துப் பட்டன் இன்சுலேஷன் டேப்பால் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது, வலது பட்டனைத் தொட்டாலே ராம் இறங்குகிறது, இடது கை டைக்குள் போக வழி இருக்கிறது. லைட் கர்ட்டனின் ரிலேயில் ஜம்பர் வயர் போட்டிருந்தார்கள். இவற்றோடு, ஒருமுறை அழுத்தியதற்கு ராம் இரண்டு முறை விழுந்ததாக ஆபரேட்டர் சனிக்கிழமையே சொல்லியிருக்கிறார். பராமரிப்புப் பதிவேட்டிலும் அது இருக்கிறது. இரண்டாவது அடி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. ‘பார்த்து வேலை செய்’ என்று சொல்லி இதைச் சமாளிக்க முடியாது.

ஜம்பரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பேனலில் ஒட்டியுள்ள உங்கள் சோதனைத் தாளின்படி பிரஸ் நிற்க 0.20 விநாடி ஆகிறது. கை நகரும் வேகத்தை விநாடிக்கு 2,000 மி.மீ. என்று வைத்தே கணக்கிட வேண்டும். அப்படியானால் 14 மி.மீ. கர்ட்டனுக்கும் டைக்கும் இடையே குறைந்தது 400 மி.மீ. வேண்டும். நாங்கள் அளந்தது 220. ராம் நிற்பதற்குள் விரல் டைக்குள் போய்விடும். பிரேக் லைனிங் தேய்ந்திருந்தால் 400-உம் போதாது. ஆகவே பழைய தாளை நம்பாமல் புதிதாக அளக்க வேண்டும்.

பிரிவு 9.4-இன்படி ஐந்து வேலை நாள், அதாவது 25 மார்ச் மாலை 5 மணி வரை, அவகாசம் உண்டு. கிளட்ச், பிரேக் பழுது நீக்கப்பட்டு, இரு பட்டன்களும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயங்கும் நிலை வந்து, கர்ட்டன் சரியான தூரத்துக்கு மாற்றப்பட்ட பின், எங்கள் அலுவலர் முன் சோதனை ஓட்டம் நடத்துங்கள். டை மாற்றும்போது ராமுக்கு அடியில் வைக்கும் முட்டுக்கட்டையும் அங்கே காணவில்லை. அதையும் வாங்கி வையுங்கள். மோட்டாரை நிறுத்திய பிறகும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதுவரை மாற்று ஆள் அனுப்ப மாட்டோம். பிரிவு 9.5-இன்படி இன்றைய ஷிஃப்ட்டின் 8 மணி நேரமும் பில்லில் சேரும். ஆபரேட்டருக்கு முழுக் கூலியை நாங்கள் கொடுத்துவிடுவோம். வேலையை நிறுத்தியதற்காக அவர்மேல் குறை எழுதினால் ஏற்க மாட்டோம். கெடு தாண்டினால் பிரிவு 11-இன்படி 14 நாள் அறிவிப்போடு இந்த இடத்துக்கான ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வோம்.

தயவுசெய்து உங்கள் சொந்த ஆட்களையும் அந்த பிரஸ்ஸில் உட்கார வைக்காதீர்கள். அவர்கள் விரலும் விரல்தான். மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வைத்திருங்கள்.

அடையாள அட்டையும் கையுறைகளும் உங்கள் நேர அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. புகைப்படங்கள் ஆறும் அளவுத் தாளும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
செயல்பாட்டு மேலாளர்,
பணியாளர் வழங்கும் நிறுவனம்