பொங்கலோ பொங்கல்! கிழக்குப் பக்கமா பொங்கி வழிஞ்சாச்சு!

தை 1, காலை 6.50. வாசல் கோலத்தின் நடுவே மூன்று செங்கல், அதன்மேல் 8 லிட்டர் புதுப்பானை, சுற்றிலும் குடும்பம் மொத்தமும் 16 பேர்!

பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் கட்டியது அத்தை. கிழங்கு இரண்டு பக்கமும் தொங்க, இலை தீயில் கருகாதபடி மேலே தூக்கிக் கட்டியிருப்பதைப் பாருங்கள். முதல் பால் ஊற்றியது அப்பாயி. 2 லிட்டர் பால், 5 லிட்டர் அரிசி கழுவிய தண்ணீர், அதுவும் இரண்டாம் கழுநீர். அதிலுள்ள மாவுச்சத்துதான் நுரையை உடையவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. வெறும் தண்ணீர் கொதிக்கும், இப்படித் திரண்டு வழியாது. கழுத்துவரை நிரப்பியதும் அதற்காகத்தான்; பானை குறையாக இருந்தால் நுரை பாதியிலேயே அடங்கிவிடும்.

அடுப்பு தாத்தாவின் பொறுப்பு. பானையை நேற்று இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி காய்ச்சிப் பழக்கியாகிவிட்டது. இருந்தாலும் புது மண்பானைக்கு எடுத்தவுடன் பெருந்தீ ஆகாது, விரிசல் விடும். அதனால் முதலில் இரண்டே விறகு. ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டியதும் பெரியப்பா பனை ஓலையைச் செருக, தீ குப்பென்று ஏறியது. அந்த நேரம் யாரும் கரண்டி போடக் கூடாது, கிண்டினால் நுரை உடைந்துவிடும். ஏடு மெல்ல உப்பி, விளிம்பைத் தாண்டி, திருநீற்றுப் பட்டைமேல் வெள்ளையாக இறங்கிய நொடிதான் இந்தப் படம். குட்டிகள் ஆறு பேரும் தட்டும் கரண்டியுமாகத் தெருவையே எழுப்பிவிட்டார்கள்! சங்கு ஊதுவது சித்தப்பா, குலவை அம்மாவும் சித்தியும்.

வழிந்ததும் 2 லிட்டர் போல மொண்டு தனியே வைத்துவிட்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடியாக அரிசி போட்டோம். கைக்குழந்தையின் கையையும் பிடித்துப் போடவைத்தாயிற்று. புது நெல் பச்சரிசி 1 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு கால் கிலோ. தண்ணீர் சுண்டச் சுண்ட, மொண்டு வைத்ததைத் திரும்ப ஊற்ற வேண்டும். புது அரிசி சீக்கிரம் குழையும், முழுவதையும் ஒரேயடியாக ஊற்றினால் கஞ்சியாகிவிடும்.

வெல்லம் 2 கிலோ. கரைத்து, மண் போக வடிகட்டி வைத்திருக்கிறது. அரிசி விரலில் நசுங்கினால்தான் அது உள்ளே போகும். அவசரப்பட்டால் பால் திரியும், அரிசியும் அதற்குமேல் வேகாது. கடைசியில் நெய், முந்திரி, திராட்சை, ஏலக்காய், கூடவே ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம். அதற்குமேல் போட்டால் கசக்கும்.

சூரியனுக்குத் தலைவாழை இலையில் படைத்த கையோடு பந்தி. வெளியூரில் இருக்கும் சொந்தங்களே, உங்கள் பங்கு தூக்குவாளியில் எடுத்து வைத்திருக்கிறோம். நாளை மாட்டுப் பொங்கலுக்காவது வந்து சேருங்கள்!