கார்த்தி, உன் லேப் ரிப்போர்ட்டின் முடிவுகள் பகுதியைப் படித்தேன்

கார்த்தி,

நேற்று ராத்திரி ஒரு தடவை படித்தேன், இன்று காலையில் உன் அப்சர்வேஷன் நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை. பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைத் திருத்தினால் அட்டவணை 3, கடைசிப் பத்தி எல்லாமே மாறும்.

போர்வெல் தண்ணீரில் இரும்பு 1.4756 மி.கி/லி என்று போட்டிருக்கிறாய். ஆனால் செய்முறைப் பகுதியில் நீயே எழுதியிருப்பது என்ன? 25 மி.லி மாதிரியை 50 மி.லி குடுவையில் எடுத்து, ஹைட்ராக்சிலமீன், அசிடேட் பஃபர், பினாந்த்ரோலின் சேர்த்து, குறிவரை தண்ணீர் ஊற்றி நிரப்பினாய். அப்படியென்றால் கருவியில் வைத்தது பாதியாக நீர்த்துப்போன தண்ணீர். கிராஃபிலிருந்து எடுத்த எண் குடுவைக்குள் இருந்த செறிவு, போர்வெல்லில் இருந்தது அல்ல. இரண்டால் பெருக்க வேண்டும், 2.95 வரும். ஸ்டாண்டர்டுகளுக்கும் இதே பிரச்சினை இருக்கிறதோ என்று ஒரு நிமிஷம் பயந்தேன், இல்லை, 10 மி.கி/லி கரைசலில் 2.5 மி.லி எடுத்து 50 ஆக்கினால் 0.5 தான் வரும், நீ எழுதியிருப்பதும் அதுதான், ஆகவே அந்தப் பக்கம் சரி. மாதிரிகள் மூன்றுக்கு மட்டும் இரண்டால் பெருக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், தண்ணீரில் இரும்பு பயங்கரம் என்று இவ்வளவு சத்தமாகச் சொல்கிற ரிப்போர்ட்டில் எண்ணே பாதிதான் இருக்கிறது.

அப்புறம் அந்த 1.4756. கால்குலேட்டர் காட்டியதை அப்படியே இறக்கியிருக்கிறாய் என்று தெரிகிறது. உன் மூன்று ரீடிங்குகள் 0.292, 0.287, 0.301. தனித்தனியாகக் கணக்குப் போட்டால் 1.469, 1.443, 1.514. இரண்டாவது தசம இடமே ஆடும்போது நான்காவது இடத்தில் 6 என்று எழுதி யாருக்கு என்ன பயன்? திட்ட விலக்கம் 0.036 வருகிறது. ஆக, குடுவைக்கு 1.48 ± 0.04, போர்வெல் தண்ணீருக்கு 2.95 ± 0.07 என்று எழுது, அந்த ± என்பது மூன்று ரீடிங்குகளின் திட்ட விலக்கம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் படிப்பவர் அதைக் கருவியின் பிழை என்றோ வேறு எதுவோ என்றோ நினைத்துக்கொள்வார்.

யூனிட் விஷயத்தில் நீ ஒரு முடிவுக்கு வந்தே ஆகவேண்டும். அட்டவணை 1இல் பிபிஎம், அட்டவணை 3இல் மி.கி/லி, படம் 1இன் கிடை அச்சில் வெறும் 'செறிவு', பத்தியில் ஒரு இடத்தில் மை.கி/மி.லி. இவையெல்லாம் நீர்த்த கரைசலுக்கு ஒன்றுதான் என்று உனக்கும் எனக்கும் தெரியும், ஆனாலும் ஒரே ரிப்போர்ட்டில் நான்கு வேஷம் எதற்கு? அதுகூடப் பரவாயில்லை, மூன்றாவது பத்தியில் 'தொட்டி நீரில் 5.67 மி.கி/மி.லி' என்று இருக்கிறதே, அது ஆயிரம் மடங்கு. லிட்டருக்கு ஐந்தரைக் கிராமுக்கும் மேல் இரும்பு என்று அர்த்தம், அப்படி ஒரு தண்ணீர் இருந்தால் வாயில் வைக்கவே முடியாது. போன செமஸ்டரில் நானும் இதே மி.லி, லி குழப்பத்தில் மார்க் இழந்தவள்தான், அதனால்தான் கண் நேராக அங்கே போகிறது. எல்லா இடத்திலும் மி.கி/லி என்று வைத்துக்கொள்.

மோலார் உட்கவர் திறனுக்கும் யூனிட் தலைகீழாக இருக்கிறது. `mol L⁻¹ cm⁻¹` என்று எழுதியிருக்கிறாய், `L mol⁻¹ cm⁻¹` என்று இருக்க வேண்டும். எண் சரிதான், சாய்வு 0.1971ஐ 55,845ஆல் பெருக்கினால் 11,007 வருகிறது. அப்சார்பன்ஸுக்கு யூனிட் கிடையாது, செங்குத்து அச்சில் போட்டிருக்கும் 'நா.மீ' எங்கிருந்து வந்தது? 510 நா.மீ என்பது நீ அளந்த அலைநீளம், அது படத்தின் தலைப்பு வரிக்குப் போக வேண்டியது.

படங்களுக்கு வருகிறேன். படம் 1இல் புள்ளிகளை ஒரு வளைகோட்டால் இணைத்திருக்கிறாய், அதற்கு மேல் நேர்கோடும் ஓடுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் எது எது என்றே தெரியவில்லை. இணைப்புக் கோட்டை எடுத்துவிடு, புள்ளிகளும் நேர்கோடும் மட்டும் போதும். மேலே `Chart Title` என்று அப்படியே விட்டிருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், தயவுசெய்து அதை அழி. கோட்டின் சமன்பாட்டில் எக்செல் கொடுத்த x, y அப்படியே இருக்கின்றன, `A = 0.1971c + 0.0025` என்று மாற்றி, c எந்த யூனிட்டில் என்று கீழே எழுது.

படம் 2தான் எனக்கு உறுத்துகிறது. போர்வெல்லின் மூன்று ரீடிங்குகளைத் தூண்களாகப் போட்டு, அச்சை 1.40இலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். மூன்றாவது தூண் இரண்டாவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் உயரமாக நிற்கிறது. உண்மையில் வித்தியாசம் 5 சதவீதம்தான். நீ வேண்டுமென்றே செய்யவில்லை, எக்செல் தானாக அப்படி வெட்டுகிறது, ஆனால் பார்ப்பவருக்கு அது தெரியாது. தூண் படம் என்றால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பி. என்னைக் கேட்டால் இந்தப் படமே வேண்டாம், மூன்று எண்களுக்கு அட்டவணையில் ஒரு வரி போதும்.

சரி, இனி எழுத்து. இதில்தான் நிறைய வெட்ட வேண்டியிருக்கிறது.

'R² = 0.9999 என்பதால் முடிவுகள் முற்றிலும் துல்லியமானவை என்று நிரூபணமாகிறது.' இல்லை கார்த்தி. உன் ஐந்து ஸ்டாண்டர்டுகளும் ஒரு நேர்கோட்டில் விழுந்தன என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது, நீ பிப்பெட்டை ஒழுங்காகப் பிடித்தாய் என்பதற்கு அது நல்ல சாட்சி. மாதிரியைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டால் பெருக்க மறந்த பிறகும் அது 0.9999 ஆகவே இருந்தது பார். நூலில் உள்ள 11,100க்கு உன் 11,007 பக்கத்தில் வந்ததும் அதே மாதிரிதான், 'பிழை 0.84%, ஆகவே முறை சரி' என்பதற்குப் பதிலாக 'அளவீட்டுக் கோடு நூல் மதிப்போடு ஒத்துப்போகிறது' என்று எழுது. மாதிரிக்குச் சாட்சி வேண்டுமென்றால், போர்வெல் தண்ணீரிலேயே தெரிந்த அளவு இரும்பைச் சேர்த்து அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதை நம் வகுப்பில் யாரும் செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

'போர்வெல் நீரில் குழாய் நீரைவிட 25 மடங்கு இரும்பு' என்ற வரி படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. குழாய்த் தண்ணீரின் ரீடிங் 0.014. உன் மிகக் குறைந்த ஸ்டாண்டர்டு 0.101. அந்த 0.014இல் 0.003 மேலே கீழே ஆனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன், மடங்கு 20இலிருந்து 34 வரை ஓடுகிறது. கியூவெட்டில் ஒரு விரல் ரேகை போதும் அதற்கு. 'குழாய் நீரின் ரீடிங் அளவீட்டு எல்லைக்குக் கீழே, அதாவது அசல் நீரில் 1 மி.கி/லிக்குக் குறைவு' என்று நிறுத்திக்கொள், 0.5ஐயும் இரண்டால் பெருக்க வேண்டும் என்பதால் 1. தொட்டி அடிநீருக்கு இதே கதை மறுபக்கம்: ரீடிங் 1.12, உன் கடைசி ஸ்டாண்டர்டு 0.789. அதற்கு மேலும் கோடு நேராகவே போகும் என்று நீ நம்பிக்கொள்கிறாய், அளந்து பார்க்கவில்லை.

உன் நோட்டில் பென்சிலால் 'காலையில் பாட்டில் அடியில் பழுப்பு வண்டல்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அது ஏன் ரிப்போர்ட்டுக்குள் வரவில்லை? முடிவுகள் பகுதியில் இருக்க வேண்டிய மிக முக்கியமான வரி அதுதான். மாதிரியை முந்தின நாள் சாயங்காலம் பிடித்து, அமிலம் சேர்க்காமல் ராத்திரி முழுக்க வைத்திருந்தாய். காற்று பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றமாகிக் கீழே படிந்துவிட்டது. நீ அளந்தது மிச்சம் இருந்ததை, அதனால் 'மொத்த இரும்பு' என்று தலைப்பில் போட முடியாது. ஊற்றுவதற்கு முன் பாட்டிலைக் குலுக்கினாயா இல்லையா என்பதையும் எழுது. மூன்றாவது ரீடிங் கூடியதற்கு அதுதான் காரணம் என்று மட்டும் எழுதிவிடாதே, தெரியாது.

0.3 மி.கி/லியை 'நச்சு எல்லை' என்று சொல்லியிருப்பதும் தப்பு. அந்த அளவுக்கு மேல் போனால் துணியிலும் குழாயிலும் கறை படியும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது, இரும்புக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் அது வைக்கவில்லை. 'இப்பகுதி நிலத்தடி நீர் முழுவதும் மாசடைந்துள்ளது' என்பதையும் எடு. ஒரு போர்வெல், ஒரு பாட்டில், ஒரு சாயங்காலம்.

கடைசி வரி: 'இதுவே விடுதி மாணவர்களின் முடி உதிர்வுக்குக் காரணம்.' டேய். ஹாஸ்டலில் எல்லோரும் சொல்வதுதான், என் அறையிலும் தினமும் சீப்பைக் காட்டிப் புலம்பல்தான். ஆனால் நீ ஒரு முடியைக்கூட எண்ணவில்லை. முழு வரியையும் அடி.

ஒன்று கேட்க வேண்டும், தொட்டித் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா? வியாழன் மதியம் லேப் திறந்திருக்கும். நன்றாகக் குலுக்கி 5 மி.லி எடுத்து 50 ஆக்கினால் ரீடிங் 0.2 பக்கத்தில் வந்து கோட்டுக்குள் உட்கார்ந்துவிடும், அப்போது பத்தால் பெருக்க மறக்காதே. நானும் வருகிறேன், என் மாதிரியையும் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கிறது.

செல்வி