பள்ளிக் கைப்பம்பு நீரின் ஃபுளோரைடு அளவு: திருத்தக் கடிதம்

நாள்: 19.07.2024

அனுப்புநர்:
இரா. மலர்விழி,
வேதியியலர், நீர்ப் பரிசோதனைக் கூடம்,
தருமபுரி.

பெறுநர்:
ஊராட்சி மன்றத் தலைவர் அவர்கள்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பொருள்: 05.07.2024 அன்று அனுப்பிய 47/2024 எண்ணிட்ட நீர்ப் பரிசோதனை அறிக்கையில் மாதிரி எண் 3-க்கான ஃபுளோரைடு அளவைத் திருத்துதல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். மேற்கண்ட அறிக்கையில் தொடக்கப் பள்ளி வளாகக் கைப்பம்பு நீரின் ஃபுளோரைடு அளவு லிட்டருக்கு 0.92 மில்லிகிராம் என்றும், அந்நீர் குடிக்க உகந்தது என்றும் குறிப்பிட்டிருந்தேன். அது தவறு. சரியான அளவு லிட்டருக்கு 1.84 மில்லிகிராம். இந்திய குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி ஃபுளோரைடு 1.0-க்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை ஏற்கலாம். பள்ளிக் கைப்பம்பு நீர் இந்த இரண்டு வரம்புகளையும் தாண்டுகிறது. ஆகவே அது குடிக்க உகந்ததல்ல.

அறிக்கை கிடைத்தபின், சத்துணவுக் கூடத்துக்கும் அந்தக் கைப்பம்பிலிருந்தே தண்ணீர் எடுக்கச் சொல்லியிருப்பதாகத் தொலைபேசியில் தெரிவித்தீர்கள். அதை இன்றே நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மற்ற விவரங்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

தவறு நேர்ந்த விதம் இதுதான். இந்தச் சோதனையில் செந்நிற வினைப்பொருளை நீரில் சேர்ப்போம். ஃபுளோரைடு கூடக் கூட அந்த நிறம் வெளிறும். வெளிறிய அளவை நிறமானியில் படிப்போம். லிட்டருக்கு 1.4 மில்லிகிராமுக்கு மேல் இந்த முறையின் அளவீட்டை நம்ப முடியாது. மாதிரி எண் 3 முதல் தடவையிலேயே அந்த எல்லையைத் தாண்டியதால், 25 மில்லிலிட்டர் மாதிரியுடன் காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து 50 மில்லிலிட்டராக்கி மறுபடியும் படித்தேன். கிடைத்தது 0.92. பாதியாக நீர்த்த நீரின் அளவு அது; இரண்டால் பெருக்கியிருக்க வேண்டும்.

0.92 × (50 ÷ 25) = 1.84

கணக்குத் தாளில் நீர்த்தல் மடங்கு என்ற கட்டத்தில் நான்கு மாதிரிகளுக்கும் 1 என்றே எழுதிவிட்டேன். அறிக்கையில் கையொப்பமிட்டதும் நானே. பொறுப்பு முழுவதும் என்னுடையது. நேற்று பதிவேட்டில் ஏற்றும்போது, மேசைக் குறிப்பேட்டின் ஓரத்தில் பென்சிலால் "25-50" என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் பிழை புலப்பட்டது.

பாலித்தீன் புட்டியில் வைத்திருந்த மீதி மாதிரியை உடனே எடுத்து, அதே விகிதத்தில் நீர்த்து இருமுறை சோதித்தேன். 0.91, 0.93 எனக் கிடைத்தன; பெருக்கினால் 1.82, 1.86. சராசரி 1.84. மற்ற மூன்று மாதிரிகளின் கணக்கையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். அவை நீர்க்கப்படாதவை. மேல்நிலைத் தொட்டி 0.68, கோயில் தெரு ஆழ்துளைக் கிணறு 0.81, காலனிக் கைப்பம்பு 1.12 என்ற அளவுகளில் மாற்றமில்லை.

இந்த நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். சோறும் பருப்பும் வேகும்போது தண்ணீரோடு அதையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் சமையலுக்கும் வேண்டாம். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் தடையில்லை. நிலைத்த பல் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் ஃபுளோரைடு பல்லின் எனாமலைக் கெடுக்கிறது. அந்தப் பழுப்புக் கறை பிறகு தேய்த்தாலும் போகாது. நம் மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மாதிரி எடுக்க வந்த அன்று என் கையிலிருந்த புட்டியைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்ட ஒன்றாம் வகுப்புச் சிறுமியின் முகம் நேற்றிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது. அவளுக்கு இன்னும் பால்பற்கள்தாம்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் மேல்நிலைத் தொட்டிக்கு வருகிறது. அதிலிருந்து பள்ளிக்கு ஒரு குழாய் இழுக்கும் வரை, சத்துணவுக் கூடத்துக்கும் வகுப்பறைகளுக்கும் அந்த நீரையே குடங்களில் கொண்டுவர ஏற்பாடு செய்யுமாறு வேண்டுகிறேன். கைப்பம்புக்குச் சிவப்பு வண்ணம் பூசி "குடிக்க உதவாது" என்று எழுதுவதும் அவசியம். அறிவிப்புப் பலகையில் ஒட்டியுள்ள பழைய அறிக்கையை அகற்றிவிட்டு, இத்துடன் இணைத்துள்ள திருத்திய அறிக்கையை (எண் 47/2024-தி) ஒட்டவும்.

வரும் திங்கட்கிழமை, 22.07.2024 காலை 10 மணிக்கு நானே நேரில் வந்து அதே கைப்பம்பில் புதிய மாதிரி எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. பெற்றோர் யாரேனும் கேட்க விரும்பினால் அந்நேரம் வரச் சொல்லுங்கள். பிழை எப்படி நேர்ந்தது என்பதை அவர்களிடமும் நானே சொல்கிறேன்.

என் தவறால் இரண்டு வாரம் பிள்ளைகள் அந்தத் தண்ணீரைக் குடிக்க நேர்ந்ததற்கு மனமார மன்னிப்புக் கோருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. மலர்விழி
வேதியியலர்

இணைப்பு: திருத்திய அறிக்கை, மேசைக் குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல்.

நகல்: தலைமையாசிரியர், தொடக்கப் பள்ளி, வட்டார வளர்ச்சி அலுவலர்.