நெஞ்சுதான் கணக்கு

கொழிஞ்சாம்பாறையில் பனைமரங்களுக்கு நடுவே இருக்கும் மைதானத்தில் ஓட்டப்பந்தயம் முடிந்து சண்டை முற்றிவிட்டது.

"நான்தான் ஃபர்ஸ்ட்டு" என்றான் அனஸ்.

"போடா, என் காலுதான் முதல்ல தாண்டுச்சு" என்றான் மணி.

கதிர் அக்காவின் போனை நீட்டினான். "ஸ்லோ மோஷன்ல எடுத்திருக்கேன், வாங்கடா."

கோட்டுக்கு நேராக, செங்கல்லில் சாய்த்து வைத்து எடுத்தது. கொஞ்சம் கோணினாலும் பின்னால் வருபவன் முந்தியதுபோல் தெரியும். நொடிக்கு 240 படம். அனஸ் சட்டையைக் கழற்றித் திரைக்கு நிழல் பிடித்தான்.

புழுதி மெல்ல எழுந்தது. மணியின் கால் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது.

"பாத்தியா!"

"இருடா. காலு இல்ல, நெஞ்சுதான் கணக்கு. ஒலிம்பிக்ஸ்லயும் அப்படித்தான்." கதிர் விரலால் நகர்த்தினான். அனஸின் நெஞ்சு கோட்டுக்கு மேலே வந்தது. மணியின் நெஞ்சு நாலு விரல்கடை பின்னால்.

மணி கதிருக்குச் சித்தி மகன். ராத்திரி ஒரே பாயில்தான் படுக்க வேண்டும். ஆனாலும் கதிர் போனை அணைக்கவில்லை.

"இன்னொரு தடவ போடு" என்றான் மணி. மூன்று தடவை பார்த்தான். அப்புறம் கீழே கிடந்த அனஸின் பையை எடுத்துத் தூசி தட்டினான்.

"சரி வாடா, சர்பத்து என் காசு."